போர்வைக்குள் ஒரு தையல் மிஷின்

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார். எனக்குக் கோபம் வந்தால் நிறுத்த மாட்டேன். தோல் பை செய்கிற வேலை அவருக்கும், அதை வீடியோ எடுத்துக் குரல் கொடுக்கிற வேலை எனக்கும் வந்தது இப்படித்தான். அதனால் வந்த வினையைத்தான் சொல்ல வருகிறேன்.

அண்ணி பதினோரு வருடம் ஒரு பை தொழிற்சாலையில் தைத்தவர். வரிசையில் ஏழாவது மிஷின். பையின் வலது பக்கத் தையல் மட்டும் அவருடையது. இடது பக்கம் எட்டாவது மிஷின்காரிக்கு. நாள் முழுக்க வலது பக்கம், வலது பக்கம், வலது பக்கம். அந்தப் பையை முழுசாக அவர் பார்த்ததே ஒரு கடையில்தானாம். "அட, நம்ம பை!" என்று ஆசையாகத் தூக்கியிருக்கிறார். கடைக்காரர், "வாங்கறதா இருந்தா மட்டும் தொடுங்கம்மா" என்றாராம். அண்ணி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குத்தான் அந்த ஆளை நேரில் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருக்கும்.

ஒருநாள் வேலையை விட்டார். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பழைய கனமான மிஷின் ஒன்றை வாங்கி வந்து முன்னறையில் வைத்தார். வேன் ஓட்டும் என் அண்ணன் விடுமுறை நாளில் தோலை வெட்டிக் கொடுப்பான். மற்றதெல்லாம் அண்ணி. கைப்பிடியும் வாரும் கைத்தையல். பக்கத் தையலும் உள்ளே வைக்கிற துணியும் மிஷின். விற்பது ஃபோனில்.

நான் ஒரு ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்கிறவள். "தொட்டுப் பார்க்க முடியாத பொருளை யார் அண்ணி நம்புவாங்க? செய்யறதைக் காட்டுவோம்" என்றேன். முதல் வீடியோ தற்செயலாக அமைந்தது. ஜன்னல் வெளிச்சம் போதுமா என்று பார்க்கத்தான் ஃபோனை ஓடவிட்டிருந்தேன். பல்வரிசை மாதிரி இருக்கும் இரும்பு அச்சைத் தோலின் மேல் வைத்து, சுத்தியால் தட்டித் துளை போடுகிறார். நூலை மெழுகில் இழுக்கிறார். அதன் இரு முனையிலும் ஒவ்வொரு ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என விட்டு இழுக்கிறார். நடுவில் விரலில் குத்திக்கொண்டு "ஐயோ அம்மா!" என்கிறார். அப்படியே போட்டுவிட்டேன்.

மறுநாள் வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? "விரல் சரியாயிடுச்சாக்கா?" விலையைக் கேட்கவில்லை, விரலைக் கேட்டார்கள். அந்த வாரமே பதினாலு ஆர்டர். முகம் தெரியாதவர்கள் ஏன் நம்பினார்கள் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு.

அடுத்த வீடியோவிலிருந்து என் கைவரிசையைக் காட்ட ஆரம்பித்தேன். இசை சேர்த்தேன். "ஐயோ அம்மா"வை வெட்டினேன். இரண்டரை மணி நேரக் கைத்தையலைப் பன்னிரண்டு நொடியாக ஓட்டினேன். மிஷின் படத்தில் விழுந்தால் அசிங்கமாக இருக்கிறதென்று அதன் மேல் ஒரு பழைய பூப்போட்ட போர்வையைப் போர்த்தினேன். அது ஜுரம் வந்த ஆள் மாதிரி மூலையில் முடங்கிக் கிடந்தது. கடைசியில் தேன் குரலில் ஒரு வரி சொன்னேன்: "ஒவ்வொரு தையலும் கையால் மட்டுமே."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "பக்கத் தையல் மிஷின்லதானே போடறேன்?"

"மிஷினைக் காட்டினா ஃபேக்டரி பைன்னு நினைச்சுப்பாங்க அண்ணி. எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. இதெல்லாம் ஒரு பொய்யா?"

"அப்ப எதும்மா பொய், டைரக்டரம்மா?" என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் அண்ணி ஒன்றும் பேசவில்லை. சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். கோபம் வந்தால் பேச மாட்டார் என்று மேலே சொன்னேனே, அது எனக்கு அன்றும் தெரியும்தான். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

நாலு மாதம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு டீச்சர் எழுதினார், வீடியோவுக்குக் கீழேயே, எல்லோரும் பார்க்க. அவர் பையின் உள்பாக்கெட்டில் சாவி உரசி ஒரு நூல் அறுந்திருக்கிறது. இழுபட இழுபட அந்த வரிசையே உருவிக்கொண்டு வந்துவிட்டது. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்: "இது மிஷின் தையல்மா. மேல ஒரு நூல், கீழ ஒரு நூல், நடுவுல கொக்கி போட்டு நிக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணுக்குப் பிடிமானம் இல்ல. ரெண்டு ஊசி கைத்தையல்னா ஒரு பக்கம் அறுந்தாலும் மத்தது விடாது." டீச்சர் இதை அப்படியே எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். "பாக்கெட் கிழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. காதில் பூச் சுற்றினீர்களே, அதில்தான் வருத்தம்."

இரண்டே நாளில் ஏழு ஆர்டர் ரத்து. "அந்த விரல் குத்தினதும் நடிப்பா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. உண்மையாக இருந்த ஒன்றையும் நான் பொய்யாக்கி வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை போனபோது அண்ணியின் மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் அட்டை கிடந்தது. தொழிற்சாலை அடையாள அட்டை. பழைய சூப்பர்வைசர் ஃபோன் செய்திருந்தாராம். ஏழாவது மிஷின் காலியாக இருக்கிறது, மாதக் கடைசிக்குள் வந்தால் அவருக்குத்தான்.

"போகப் போறீங்களா?"

"இப்படியே போனா போய்த்தானே ஆகணும்."

மறுபடியும் வலது பக்கம், வலது பக்கம். என்னால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதினேன். "சில சிறிய பகுதிகளில் மட்டும் தரத்துக்காக இயந்திர உதவி பெறப்படுகிறது" என்று அழகாக ஆரம்பித்தது. படித்துக் காட்டினேன்.

"எது சின்னப் பகுதி? பையோட ரெண்டு பக்கமும் சின்னப் பகுதியா?"

"ஒரு பேச்சுக்குத்தான் அண்ணி."

அண்ணி எழுந்து போய்ப் போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தார். தூசி பறந்தது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"பதினோரு வருஷம் இதுல உக்காந்து கத்துக்கிட்டேன். இவ்ளோ தடிமன் தோல்ல, நூல் பிடிச்ச மாதிரி நேரா ஓட்டறேன்ல, அது வேலை இல்லியா? அங்க இருந்தவரைக்கும் நான் தைச்சதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இங்க வந்தும் மூடி வெக்கிறே. எதை மூடினேன்னு நெனச்சே? மிஷினையா?"

வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"அழுதது போதும். ஃபோனை அந்த அலமாரில நிறுத்து. எங்கயும் வெட்டாதே. பாட்டு வேணாம், மிஷின் சத்தம் கேக்கட்டும்."

"முழுசா எடுத்தா அஞ்சு மணி நேரம் ஓடும், யார் பார்ப்பாங்க?"

"வேகமா ஓட்டு, வேணாங்கல. ஓட்டினேன்னு எழுது, எவ்ளோ நேரம் ஆச்சுன்னும் எழுது. நான் பேசற இடத்துல மட்டும் கை வெக்காதே."

அண்ணி எதையும் முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளவில்லை. கை எதைச் செய்கிறதோ அதை மட்டும் வாய் சொன்னது. "தோலை நான் பதப்படுத்தறதில்ல, பதப்படுத்தினதை வாங்கறேன். ஜிப்பும் வாங்கினதுதான். வெட்டறது என் வீட்டுக்காரர். கைப்பிடி, வாரு ரெண்டும் கைத்தையல். பாரம் தாங்கற இடம் அது. உள்துணி மிஷின்தான், லேசான துணில பெரிய துளை போட்டா கிழிஞ்சிடும். பக்கத் தையலும் மிஷின். அதையும் கையால தைச்சா ஒரு பைக்கு இன்னும் அஞ்சு மணி நேரம். அந்த விலைக்கு என்கிட்ட வாங்க ஆள் இல்ல. அதான் காரணம், வேற ஒண்ணும் பெருசா இல்ல."

இரண்டாவது பக்கம் ஓட்டும்போது, பேச்சில் கவனம் போனதோ என்னவோ, தையல் வளைந்துவிட்டது. நான் பதறி ஃபோனை நிறுத்தப் போனேன். "விடு" என்று அண்ணி கையைக் காட்டினார். நூலைப் பிரித்து, தோலை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். துளைகள் வரிசையாக வெளிச்சம் காட்டின. "துணின்னா தேய்ச்சா துளை மூடிக்கும். தோல்ல விழுந்தது விழுந்ததுதான். இதைப் பைக்கு வெக்க மாட்டேன். சின்னதா வெட்டிச் சாவி உறை பண்ணுவேன்." சொல்லிவிட்டு வேறு தோலை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

முடித்ததும் ஃபோனைப் பார்த்து உட்கார்ந்தார். "முன்னாடி, எல்லாத் தையலும் கையாலதான்னு சொன்னோம். அது பொய். அதை நம்பி வாங்கினவங்க பையைத் திருப்பி அனுப்பலாம், பணம் தந்துடறேன். சொன்னது நான்..."

"இல்ல!" அலமாரிக்குப் பின்னாலிருந்து நான் கத்தியே விட்டேன். "சொன்னது நான். இவங்க அப்பவே, எது பொய்னு கேட்டாங்க. போர்வை போத்தினதும் நான்தான்." என் முகம் படத்தில் இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அதை வெட்டச் சொல்லி அன்று சாயங்காலம் வரை கெஞ்சினேன். அண்ணி அசையவில்லை. பழைய வீடியோக்களை நீக்கவும் விடவில்லை. ஒவ்வொன்றின் கீழும், சொன்னது தவறு என்று எழுத வைத்தார்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. இரண்டு பைகள் திரும்பி வந்தன. ரத்தான ஏழில் நாலு போனது போனதுதான். மூன்று பேர் மறுபடி கேட்டார்கள். அதில் ஒருவர், "கோணலா போனதைக் காட்டினீங்களே, அப்போ நேரா இருக்குன்னு நீங்க சொல்றதையும் நம்பலாம்" என்று எழுதினார். வளைந்துபோன அந்தத் துண்டில் செய்த சாவி உறையைக்கூட யாரோ, "அந்த உறைதான் வேணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். டீச்சரிடமிருந்து மட்டும் பத்து நாள் சத்தமே இல்லை. பிறகு பையே பார்சலில் வந்தது. உள்ளே ஒரு சீட்டு: "பாக்கெட்டைப் புதுசா தைச்சுக் கொடுங்க. மூலை ரெண்டும் மட்டும் கையால. சாவி அங்கேதான் இடிக்குது. தைக்கும்போது வீடியோ எடுங்க, நான் பார்க்கணும்."

அந்தப் பார்சல் வந்தது மாதக் கடைசி நாள். நான் போனபோது அண்ணி ஃபோனில் யாரிடமோ, "இல்லீங்க சார், வேற ஆளைப் போட்டுக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு, அலமாரியில் ஃபோனை நிறுத்தச் சொன்னார். துணி கிழியாமல் இருக்க, பாக்கெட்டின் மூலைகளில் சின்னத் தோல் துண்டு வைத்துத் தைக்கப் போகிறார். தைக்கும் முன் பசை தடவி ஒட்ட வேண்டும். பசையை மெல்லிசாக இழுக்கத் தட்டையாக ஏதாவது தேவை. மேஜையைத் துழாவி, அந்த அடையாள அட்டையை எடுத்து விளிம்பால் ஒரே சீராக இழுத்தார்.

"இது என்னன்னும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"சொல்லேன். பழைய அட்டை, பசை தடவ நல்லா இருக்குன்னு சொல்லு" என்றார் அண்ணி. அதில் ஒட்டியிருந்த அவருடைய பழைய ஃபோட்டோவின் மேல் பசை படாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.