விமான நிலையத்தைத் தாண்டிப் போன பஸ்

மச்சானுக்குத் துபாயில் வேலை. எங்கள் மலையூரான வளப்பூர் நாட்டிலிருந்து அவனைச் சென்னையில் விமானம் ஏற்றிவிட நான் துணைக்குப் போனேன். "கோயம்பேட்டில இறங்கி மெட்ரோ பிடிங்க" என்று, வேலையும் டிக்கெட்டும் ஏற்பாடு செய்த சேந்தமங்கலத்து ஏஜென்ட் சொல்லியிருந்தார். எங்கள் பஸ் கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் பக்கத்திலிருந்து வரும் பஸ்களுக்கு இப்போது அந்தப் புது பஸ் ஸ்டாண்டுதான் கடைசி. அங்கிருந்து கோயம்பேட்டுக்கு டவுன் பஸ் ஏறினோம். வழியிலேயே விமான நிலையம் வந்தது.

"இறங்கு மச்சான்" என்றேன்.

"ஏஜென்ட் சொன்ன வழியிலதானுங்க போகோணும்" என்று அவன் கம்பியை விடவில்லை.

கோயம்பேடு போய், மெட்ரோவில் அதே இடத்துக்குத் திரும்புவதற்குள் அவன் விமானத்துக்கான கவுன்டரை மூடிவிட்டார்கள்.

"நேரத்தோட கிளம்பறதில்லையா?" என்றார் ஏஜென்ட், போனில்.

"தப்பு எங்களுதுதானுங்க" என்றான் மச்சான்.

நான் போனைப் பிடுங்கி, "பஸ் ஸ்டாண்டை மாத்தினது உனக்குத் தெரியுமாய்யா?" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

மச்சான் என்னைத்தான் முறைத்தான். "அவரைப் பகைச்சுக்கிட்டா அடுத்த டிக்கெட்டை யாருங்க போடுவாங்க?"