ஒரு லட்சத்தில் ஆவடி விசாகம்

எண்ணைப் பார்த்து ஏமாறாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடியில், ஐந்து பேர் உட்காருகிற விளம்பர ஆபீஸ் எங்களுடையது. ஊதுபத்தி, எண்ணெய், மசாலாப் பொடி விற்கிறவர்கள் எங்களிடம் வருவார்கள். எந்த யூடியூப் சேனலில் விளம்பரம் கொடுக்கலாம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். சேனல்காரர் சொல்லும் கூட்டம் அசலா, காசுக்கு வாங்கினதா என்று பார்க்கிற வேலை என் தலையில். பத்து வருடமாகப் பார்க்கிறேன். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பலன், யார் எந்த எண்ணைச் சொன்னாலும் மனசுக்குள் பாதியாகக் குறைத்துக்கொள்கிற கெட்ட பழக்கம்.

அம்மாவும் நானும் மட்டும் ஆவடியில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். அப்பா ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வாங்கிய வீடு. லிஃப்ட் கிடையாது. இரண்டு முட்டியும் போன பிறகு அம்மாவுக்குக் கோயில், கடைத்தெரு, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாமே போனில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் அவளிடம் யாரும் பேசக் கூடாது. சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சின்ன அம்மன் கோயில். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்துப் பூசாரி, போனை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்துப் பூஜையை லைவ் போடுவார். பார்க்கிறவர்கள் சாட்டில் ஊரும் நட்சத்திரமும் எழுத வேண்டும். தீபாராதனைக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் படிப்பார். அம்மா ஒற்றை விரலால் 'ஆவடி, விசாகம்' என்று அடித்து முடிப்பதற்குள் பாதிப் பூஜை முடிந்திருக்கும். அவர் விடமாட்டார்.

"ஆவடி விசாகம், வந்துட்டியாம்மா? முட்டி இப்ப எப்டிக்கீது? எண்ணெ தேச்சியா?"

அம்மா போனைப் பார்த்து, "பரவாயில்ல சாமி" என்று பதில் சொல்வாள். அவருக்கு அது கேட்காது என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "கேக்காட்டி போகுது, உனக்கென்ன" என்பாள்.

போன ஆடிக்கு முன்பு ஒரு கற்பூரக் கம்பெனி எங்களிடம் வந்தது. ஆடி மாதம் முழுக்க ஒரு பக்திச் சேனலோடு சேர்ந்து விளம்பரம் செய்ய வேண்டுமாம். முதலாளி கொடுத்த பட்டியலில் மூன்றாவதாக இருந்தது சென்னீர்குப்பம் பூசாரியின் சேனல். பக்கத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சப்ஸ்கிரைபர் என்று போட்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தின வெள்ளிதான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்த லைவைப் பார்த்திருந்தேன். மூலையில் தெரிந்த எண் நூற்று எண்பத்தாறு. ஒரு லட்சம் பேர் பின்தொடர்கிற கோயிலில், வெள்ளி சாயங்காலம் நூற்று எண்பத்தாறு பேரா?

ஆபீசில் உட்கார்ந்து வெளியிலிருந்து பார்க்க முடிந்ததையெல்லாம் பார்த்தேன். பொதுவாக, உண்மையாக வளரும் சேனலுக்கு ஒரு காரணம் இருக்கும். ஏதோ ஒரு வீடியோ நன்றாகப் போகும், அதைப் பார்த்துப் பேர் சேருவார்கள். ஆடியில் ஏறும், புரட்டாசியில் பெருமாள் பக்கம் ஆள் போய்விடும், திரும்பத் தையில் ஏறும். கோணல்மாணலான கோடுதான் அசல். இந்தச் சேனலின் கோடு மூன்று வருடம் நாலாயிரத்தில் தவழ்ந்துவிட்டு, ஒன்பதே நாளில் சுவர் மாதிரி நேராக எழுந்திருந்தது. அந்த ஒன்பது நாளில் ஒரு வீடியோகூடப் போடவில்லை. அதற்குப் பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டும் இருந்தது. போலிக் கணக்குகளை யூடியூப் கம்பெனிக்காரனே அவ்வப்போது பிடுங்கி எறிவான், அப்போது அப்படித்தான் இறங்கும். வெள்ளிப் பூஜை வீடியோக்களுக்குப் பார்வை லட்சத்துக்கு முன்னும் பின்னும் அதே தொள்ளாயிரம்.

சேனல்காரருக்கு மட்டும் தெரிகிற உள்கணக்கைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது என் வழக்கம். ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்வதில்லை, அதில் எண்ணை மாற்றுவது ரொம்பச் சுலபம். ஆள் கண்முன்னே அவர் போனிலேயே திறந்து காட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்கூட்டியில் சென்னீர்குப்பம் போனேன். பூசாரிக்கு ஐம்பது வயதிருக்கும். காலையில் ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டு வந்து கோயில் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வேன் முதலாளி சாயங்கால டிரிப்புக்கும் வரச் சொல்லி நெருக்குவதாகவும், இந்த விளம்பரம் கிடைத்தால் அதைத் தட்டிவிட்டு வெள்ளிப் பூஜையைக் காப்பாற்றிக்கொள்வதாகவும் நான் கேட்காமலேயே சொன்னார்.

போனைக் கொடுத்தார். பொய் சொல்ல அவருக்குத் தெரியவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. சப்ஸ்கிரைபர்கள் பார்க்கும் நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. லட்சம் பேர் சேர்ந்த பிறகும் அது நகரவே இல்லை. பார்வையாளர்களின் ஊர்ப் பட்டியலில் தமிழ்நாடு, மலேசியா, சிங்கப்பூர் இருந்தன. அதெல்லாம் சரிதான், நம் ஆட்கள் அங்கேயும் பூஜை பார்ப்பார்கள். கும்பாபிஷேக வீடியோ ஒன்றில் மட்டும் தமிழே காதில் விழாத நாடுகள் வரிசையாக நின்றன. அந்த வீடியோவுக்கு எழுபதாயிரம் பார்வை, ஆளுக்குச் சராசரியாகப் பதினொரு வினாடி. கீழே 'சூப்பர் ப்ரோ' என்று நூறு கமெண்ட். அம்மனைப் பார்த்து ப்ரோ. வெள்ளிப் பூஜையிலோ ஆளுக்கு முப்பத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பத் திரும்ப வருகிறவர்கள் சுமார் முந்நூறு பேர். இவ்வளவு நேரம் ஒரு கூட்டத்தைப் பிடித்து வைத்த சேனலை நான் அதுவரை பார்த்ததில்லை.

"அண்ணே, இது வாங்கினதுதானே?" என்று கேட்டேன்.

அவர் துண்டை உதறி இன்னொரு தடவை காயப்போட்டார். "ஆமாம்மா. இன்னா பண்றது? ரெண்டு வருசம் முன்ன ஒரு ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பொம்பள எடுத்துச்சு. நாலாயிரம் பேர் பாக்குறாங்கன்னு சொன்னேன். நாலாயிரத்த வெச்சிகினு வந்து நிக்காதீங்க, லட்சம் ஆனப்புறம் வாங்கன்னு வெச்சிடுச்சு. அப்பால ஒருத்தர் நான் லட்சம் பண்ணித் தரேன்னாரு."

எந்த ஆபீஸ் என்று கேட்டேன். அம்பத்தூர் எஸ்டேட் என்றார். அங்கே விளம்பர ஆபீஸ் எங்களுடையது ஒன்றுதான், அதில் போன் எடுக்கிற பெண் நான் ஒருத்திதான். அந்தப் பேச்சு எனக்கு ஞாபகம்கூட இல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் அதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

கிளம்பும்போது உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தார். சாட் வேகமாக ஓடிவிடுவதால், வெள்ளிக்கு வெள்ளி வருகிறவர்களை அதில் எழுதி வைத்திருந்தார். மாங்காடு ரோகிணி, பையனுக்கு வேலை. வேலப்பன்சாவடி மகம், குழந்தை. பக்கம் பக்கமாக இருந்தது. புரட்டினால், ஆவடி விசாகம், முட்டி. பக்கத்தில், பொண்ணு வேலைக்குப் போவுது, பேச ஆளில்ல, என்று பென்சிலில் எழுதியிருந்தது. நோட்டை மூடிக் கொடுத்தேன். அம்மா இதை எப்போது சாட்டில் எழுதினாள் என்று இன்றுவரை தெரியாது.

"லட்சம் டூப்புதாம்மா, ஒத்துக்கறேன். இவங்க எல்லாம் நெசம். அத்தயும் சேத்து எழுதிக்கம்மா" என்றார்.

எழுதுகிறேன் என்றுதான் சொன்னேன்.

எங்கள் படிவத்தில் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அன்று சாயங்காலம் ஆபீசில் மற்றதையெல்லாம் நிரப்பினேன். வாங்கிய சப்ஸ்கிரைபர்: ஆம். வாங்கிய பார்வை: ஆம். உண்மையான வீச்சு: சுமார் முந்நூறு பேர். பரிந்துரை: இல்லை. ஒன்றுகூடத் தப்பில்லை. குறிப்பில் எழுத விஷயம் இருந்தது. முந்நூறு பேர் அரை மணி நேரம் எழுந்திருக்காமல் பார்க்கிறார்கள், கற்பூரம் ஏற்றும் நேரத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், வீட்டில் கற்பூரம் வாங்குகிறவர்களும் அவர்களே. கம்பெனிக்காரர் சின்னதாகவாவது ஏதாவது கொடுத்திருக்கலாம். கொடுக்காமலும் போயிருக்கலாம். எனக்கு அன்றைக்கு அந்த ஆள் மேல் கோபம். என்னால்தான் அவர் இதைச் செய்தார் என்று ஆனதில் கோபம், பென்சிலில் எழுதியிருந்ததில் அதைவிடக் கோபம். கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

முதலாளி படித்துவிட்டு, "லட்சம்னு சொன்னவன் முந்நூறா? நல்ல வேளை நீ இருக்க" என்று பாராட்டினார். கற்பூர விளம்பரம் வேறொரு சேனலுக்குப் போனது. ஆறு லட்சம் பேர். இந்த ராசிக்காரர்கள் வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று தினம் மூன்று வேளை பயமுறுத்துகிற சேனல். அதையும் நான்தான் பரிசோதித்தேன். கோடு கோணல்மாணல், கமெண்ட் எல்லாம் நம் தமிழில், ஒரு ஆள்கூட வாங்கினதில்லை. அத்தனையும் சுத்தமான அசல். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆடி இரண்டாவது வெள்ளியோடு பூசாரியின் லைவ் நின்றது. சாயங்கால டிரிப்புக்குப் போய்விட்டார் போலிருக்கிறது. அம்மா முதல் வாரம் நெட் போய்விட்டது என்று நினைத்து ரீசார்ஜ் பண்ணச் சொன்னாள். அடுத்த வாரம் போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள். மூன்றாவது வாரம் என்னிடம் நீட்டினாள்.

"நீ இந்த வேலைதானடி பாக்கற. சாமி ஏன் வரலைன்னு பாத்துச் சொல்லேன்."

"உடம்பு கிடம்பு சரியில்லாம இருக்கும்மா" என்றேன்.

"முட்டி எப்படி இருக்குன்னு அவர் ஒருத்தர்தான் கேப்பாரு" என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டாள். நான் அதே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சில மாதம் கழித்து ஆபீசில் வேறு எதையோ தேடும்போது அந்தச் சேனலைத் திறந்தேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரமாக இருந்தது தொண்ணூறாயிரத்துக்கு இறங்கியிருந்தது. கடைசிப் பூஜை வீடியோவின் கமெண்ட் மட்டும் வாரா வாரம் கூடியிருந்தது. தேதிகளைப் பார்த்தேன், எல்லாம் வெள்ளிக்கிழமை. முதலில் இருபது பேர் எழுதியிருந்தார்கள், பிறகு ஏழு, பிறகு இரண்டு. கடைசி ஐந்து வாரமாக ஒரே ஆள்தான். 'ஆவடி, விசாகம். முட்டி பரவாயில்லை சாமி.'

அசலா போலியா என்று எனக்குப் பார்க்கத் தெரியும். அதை வாய்விட்டுப் படிப்பதற்குத்தான் அங்கே ஆளில்லை.