நீல மாத்திரையும் வெறும் வயிறும்

பிரேயர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க ஒரு இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிக் காட்டியவன் நான். “பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல!” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். முதல் பீரியட் பாதியில் உயிரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வாந்தி முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் வரைதான் ஓட முடிந்தது. அதன்பிறகு எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் அந்த மாத்திரையை நம்புவதற்குப் பிள்ளைகளுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

வாரம் ஒரு நாள், ஆளுக்கு ஒரு நீல மாத்திரை. இரும்பும் ஃபோலிக் அமிலமும். சாப்பிட்ட பிறகு தரவேண்டியது. நாங்கள் பிரேயரில் தந்தோம், எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பதால் வேலை சட்டென்று முடியுமே! பிள்ளைகளும் சட்டென்று முடித்தார்கள். நாக்குக்கடியில் ஒதுக்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் துப்பினார்கள். ஒருநாள் மழை பெய்து, அந்த வாய்க்காலில் தண்ணீர் நீலமாக ஓடியது. அரசாங்கச் செலவில் வாய்க்காலுக்கு ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை, மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மாடிப்படி ஏறினால் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “ஏட்டி, கிழவியாட்டம் வாரியே” என்று நானே கேலி செய்திருக்கிறேன். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தது. வெளுப்பு. நாக்கும் நகமும் அப்படியே. விரல் நுனியில் குத்திச் சின்ன மெஷினில் வைத்தார்கள். ஹீமோகுளோபின் குறைந்தது பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் எட்டுகூட இல்லை. “இது வார மாத்திரையில தீராது, ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார் டாக்டரம்மா. மாதவிலக்கு பத்து நாளைக்கு நிற்காமல் போகிறதாம். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அம்மாவை வரச்சொன்னோம். ராஜபாளையத்தில் மில் வேலை. ஷிப்டை விட்டுவிட்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்தார்.

“ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம் சார். ரத்தமில்லாத பிள்ளைன்னு பேரு வந்தா பொண்ணு கேட்டு யாரு வருவா?”

“ஏம்மா, பதினொண்ணாப்பு படிக்கிற பிள்ளைக்கு அதுக்குள்ள மாப்பிள்ளை பாக்கியளா?”

“இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு.”

“காலையில என்ன சாப்பிட்டா?”

“டீ குடிச்சுட்டு ஓடியாருவா. நான் விடியக்காலம் ஷிப்டுக்குப் போயிருவேன். அவதான் சோத்தப் பொங்கி, தம்பிக்கு முட்டைய அவிச்சுக் குடுத்து…”

“இவளுக்கு முட்டை?”

“அவன் வளருற பிள்ளை சார்.”

“இவ என்ன, சுருங்குற பிள்ளையா?”

நான் கத்தியது ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கேட்டிருக்கும். அந்த அம்மா முந்தானையால் கண்ணைக் கீழே இழுத்துத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான், யாரிடம் கத்துகிறேன் என்று உறைத்தது. அந்த அம்மாவின் கீழ் இமையும் வெளுத்துத்தான் இருந்தது. எட்டு மணி நேரம் நூலோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டில் கடைசியாகச் சட்டியை வழிக்கிறவரிடம்தானா என் வீரம்?

மறுநாள் அரைமனதாகச் சம்மதித்த அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஜி.எச்.சுக்குப் போனோம். பூச்சி மாத்திரையும், தினமும் விழுங்க இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். சாப்பிட்ட பிறகுதான் போடவேண்டும், அதை ஒட்டி டீ குடிக்கக்கூடாது, மலம் கருப்பாகப் போனால் பயப்படவேண்டாம், ஒரு மாதத்தில் திரும்பவும் ரத்தம் பார்க்கவேண்டும், ஏறாவிட்டால் விருதுநகருக்கு அனுப்பி ஊசி வழியாக இரும்புச்சத்தை ஏற்றவேண்டி வரும் என்றார்கள். காலையில் அவள் வயிற்றில் டீ மட்டும்தான். ராத்திரி வீட்டில் மாத்திரையை எடுத்தால் கூட இருக்கிற உறவுக்காரர்கள் ஆயிரம் கேட்பார்கள் என்றார் அம்மா. மிச்சம் இருப்பது மத்தியானம், பள்ளிக்கூடத்தில், டிபன் பாக்ஸைக் காலி செய்த பிறகு.

“போடுவியா?” என்றேன் பிள்ளையிடம்.

“நான் மட்டும் தனியா விழுங்குனா சீக்காளிம்பாளுக சார். வார மாத்திரையையும் எல்லாருக்கும் சாப்பாட்டுக்குப் பொறவு குடுங்க. அந்தக் கூட்டத்தோட பழகிட்டா, பொறவு தினமும் போட்டாலும் எவளும் கண்டுக்க மாட்டா.”

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

“பத்து மணிக்குள்ள குடுத்தாச்சுன்னு மேல ஆபீசுக்குச் சொல்லணும்லா சார்,” என்றார் அவர்.

“குடுத்தாச்சுன்னு சொல்லுறோம். வயித்துக்குள்ள போச்சுன்னு சொல்ல முடியுமா? வாய்க்காலுக்குல்லா குடுத்துக்கிட்டிருக்கோம்! அந்தப் பிள்ளைக்கு எட்டுகூட இல்ல சார். இன்னும் இறங்குனா படியேற இல்ல, எந்திரிக்கவே முடியாது. பிரேயர்லருந்து மத்தியானத்துக்கு மாத்துங்க. இதுக்கு ஒரு பைசா செலவில்ல.”

“சாப்பாட்டு நேரத்துல வகுப்பு வகுப்பா யாரு நிப்பா? டீச்சர்மாரு அவிய சாப்பிட வேண்டாமா?”

“பிள்ளைக வெறும் வயித்துல விழுங்கலாம், நாம செத்த நேரம் பிந்திச் சாப்பிடக்கூடாதா?”

என் குரல் மறுபடியும் ஏறிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“அப்ப மத்தியானம் நீங்களே நில்லுங்க.”