கணக்கில் உள்ள பங்குகள் அனைத்தும்

தண்ணீர் மீட்டர் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் அவள் பார்த்த வேலை, சந்தேகப்படுவது. பன்னிரண்டு மீட்டர்களை ஒரே குழாயில் வரிசையாகப் பூட்டி, அளவு தெரிந்த தொட்டிக்குள் தண்ணீரை விடுவாள். தொட்டி நூறு லிட்டர் காட்டும்போது மீட்டர் நூற்றிரண்டு காட்டினால் அதைக் கழற்றி ஓரமாக வைப்பாள். தொட்டியையும் அவள் முழுசாக நம்பியதில்லை. வாரம் ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்ப்பாள். அங்கே எல்லோருக்கும் அவள் ‘டெஸ்டிங் அக்கா’.

வீட்டிலும் அதே புத்திதான். பால் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்து எடை சொல்வாள். இலவசம் என்று யாராவது சொன்னால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஒருமுறை ஏதோ ஒரு கவரைப் பிரித்து, உள்ளே இருந்த அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்ப, இரண்டு வருஷம் படிக்காத பத்திரிகைக்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தெரியாத கவரைப் பிரிப்பதில்லை. “பிரிச்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்” என்பாள். கிழித்தும் போடமாட்டாள், பின்னால் சாட்சிக்கு வேண்டியிருக்குமே.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவருக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பழைய சூப்பர்வைசர் வீடு தேடி வந்தார். வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாளும் வாசல்படி மிதிக்காதவர். கையில் ஆப்பிள் பை.

“நல்லா இருக்கியாம்மா? கம்பெனி பங்கு நூத்திருபது குடுத்தாங்களே, பத்திரம் இன்னும் வச்சிருக்கியா?”

இருபத்துநாலு வருஷத்துக்கு முன் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனபோது, தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில் பங்குகள் கிடைத்தன. அவளுக்கு நூற்றிருபது.

“எதுக்கு சார் கேக்கறீங்க?”

“மார்க்கெட்ல இன்னிக்கு ஒரு பங்கு தொண்ணூறு. நான் நூறு தர்றேன். பன்னெண்டாயிரம், ரொக்கமா. நம்ம ஆளுங்க அங்க இங்க அலைய வேணாமேன்னுதான்.”

கணவருக்கு முகம் மலர்ந்தது. அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். தொண்ணூறுக்குக் கடையில் கிடைப்பதை நூறு கொடுத்து வாங்க இவருக்கு என்ன தலையெழுத்து?

அவர் நீட்டிய படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மீட்டர் முள்ளைப் பார்ப்பதுபோல் வரிவரியாகப் பார்த்தாள். நடுவில் ஒரு வரி: ‘மேற்படி கணக்கு எண்ணில் என் பெயரில் உள்ள பங்குகள் அனைத்தும்.’

“நூத்திருபதுன்னு போடாம எதுக்கு ‘அனைத்தும்’னு போட்டிருக்கு?”

“அது சும்மா வக்கீல் பாஷைம்மா.”

“அப்ப அதை அடிச்சிட்டு நூத்திருபதுன்னு எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

சூப்பர்வைசர் சிரித்தார். படிவத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது, வெள்ளிக்கிழமை வருகிறேன், யோசித்து வை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆப்பிளைப் பிரிக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினாள்.

அவர் படி இறங்கியதும், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினாள். உள்ளே, கம்பெனிப் பங்குகளின் கணக்கை வைத்திருக்கும் பங்குப் பதிவாளர் அலுவலகத்தின் முத்திரை போட்ட கவர்கள். வருஷத்துக்கு ஒன்றாக இருபத்துநாலு. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

முதல் கவரைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். இரண்டே வரிகள். முதல் அரையாண்டு: நூற்றிருபது பங்குக்கு, வரி போக, பங்குக்கு ஒரு ரூபாய் வீதம் கம்பெனி லாபத்தில் ஈவுத்தொகை நூற்றிருபது. வாங்கிய விலை ஐம்பது. வாங்கிய பங்கு 2.4. இருப்பு 122.4. இரண்டாம் அரையாண்டு: ஈவுத்தொகை 122.40. விலை நாற்பத்தெட்டு. வாங்கிய பங்கு 2.55. இருப்பு 124.95.

கடைசிக் கவரின் கடைசி வரியில் இருப்பு 317.842 என்று இருந்தது.

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “முன்னூத்துப் பதினேழா? நூத்திருபதுன்னுதானே சொன்னே? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாம வாங்கிக்கிட்டே இருந்திருக்கே.”

“நான் ஒரு காசு போடல.”

“காசு போடாம யார் பங்கு தருவான்? என் ஓவர்டைம் பணம் பாத்திரக்காரனுக்குப் போச்சு, சீட்டுக்குப் போச்சுன்னு கதை சொன்னியே, எல்லாம் இங்கதானா?”

அவளுக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷம் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளை இன்று வீட்டுக்காரரே சந்தேகப்படுகிறார். எல்லாக் கவர்களையும் வெட்டி, மேஜைமேல் வருஷவாரியாக அடுக்கினாள். அடுக்கும்போதுதான் அந்தப் பழைய படிவம் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது அவர்கள் இருந்த குடியிருப்பில் கடிதப்பெட்டியிலிருந்து காசோலைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஈவுத்தொகையைக் காசோலையாக அனுப்பவா, அல்லது அதே நிறுவனத்தின் பங்காகவே மறுமுதலீடு செய்யவா என்று படிவம் கேட்டது. காசோலை வந்தால் எவனாவது திருடுவான். திருடன் கைக்குப் போவதைவிடக் கம்பெனியிலேயே கிடக்கட்டும் என்று இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள். பக்கத்தில் நின்ற பேக்கிங் பிரிவுப் பெண், “அக்கா எதுல போட்டீங்க?” என்று கேட்டு, அதையே பார்த்துப் போட்டாள். பின்னாலிருந்த ஸ்டோர்கீப்பரும் அப்படியே. படிவங்களை வாங்கி அடுக்கியவர் சூப்பர்வைசர்.

யார் எந்தக் கட்டத்தில் குறி போட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் முழுக்கக் கணக்குப் போட்டாள். நாற்பத்தெட்டு வரிகள். ஒவ்வொன்றிலும் முந்தைய இருப்பை ஈவுத்தொகையால் பெருக்கி, அன்றைய விலையால் வகுத்துப் பார்த்தாள். இருபத்துநான்காவது வரியில் பேனா நின்றது. அதுவரை ஒருமுறைக்கு மூன்று, மூன்றரை என்று ஏறிவந்த எண்ணிக்கை அங்கே ஒரே தாவலாக 7.6.

“பாருங்க, இங்கதான் ஏதோ நடந்திருக்கு. யாரோட பங்கோ என் கணக்குல விழுந்திருக்கு. நாளைக்கு வந்து கழுத்தைப் பிடிப்பான்.”

வியாழக்கிழமை இருவரும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு இளம் பெண் அலுவலர். அவளிடம் தன் அடையாள அட்டையைக் கொடுப்பதற்கு முன், அவளுடைய அட்டையை முதலில் காட்டச் சொன்னாள் டெஸ்டிங் அக்கா. அந்தப் பெண் கோபப்படவில்லை.

“இந்த 7.6 எப்படிம்மா வந்துச்சு?”

அலுவலர் திரையைப் பார்த்தாள். “அப்ப உங்ககிட்ட நூத்தித் தொண்ணூறு பங்கு இருந்துச்சு. பங்குக்கு ஒண்ணு இருபது. மொத்தம் இருநூத்தி இருபத்தெட்டு. அதுக்கு முன்னாடி பங்கு விலை அறுபது. அந்த விலையா இருந்தா மூணு புள்ளி எட்டுதான் கிடைச்சிருக்கும். அந்த அரையாண்டுல விலை முப்பதா விழுந்திடுச்சு. ஈவுத்தொகையை மட்டும் குறைக்கல. அதே பணத்துக்கு ரெண்டு மடங்கு பங்கு.”

அந்த வருஷம் அவளுக்குத் தெரியும். பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போய், மூன்று மாதம் பாதிச் சம்பளம். தொழிற்சாலையே மூடிவிடுமோ என்று எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அதிகம் சேர்ந்திருக்கிறது.

“மூடியிருந்தா?”

“மூடியிருந்தா எல்லாம் போயிருக்கும்மா. மறுமுதலீடுன்னா முட்டை மொத்தமும் ஒரே கூடைதான். உங்க கம்பெனி பொழைச்சுது.”

இந்தப் பதில்தான் அவளை முதன்முதலாக நம்பவைத்தது. ஏமாற்றுகிறவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள்.

“ஒவ்வொரு தடவையும் புதுசா சேர்ந்த பங்குக்கும் அடுத்த தடவை ஈவுத்தொகை வரும்” என்றாள் அலுவலர். “அதனாலதான் ஆரம்பத்துல ரெண்டரையா இருந்தது கடைசியில ஆறு ஆறரைன்னு ஏறியிருக்கு. உங்க கையில இருக்கற பத்திரம் நூத்திருபதுக்கு மட்டும்தான். மிச்சம் நூத்தித் தொண்ணூத்தேழு சொச்சம் எங்க பதிவேட்டுல உங்க பேர்ல இருக்கு. பத்திரம் கிடையாது.”

கணவர் மெதுவாகக் கேட்டார்: “இவ கையிலிருந்து காசு எதுவும் வரலையா?”

“ஒரு காசுகூட இல்ல ஐயா.”

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. நாற்காலியை மட்டும் அவள் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அவள் பேக்கிங் பெண்ணின் வீட்டில் இறங்கினாள். அந்தப் பெண் இரண்டு நாள் முன்னே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாள்.

“சார் நல்ல மனுஷன்க்கா. கூட பத்து போட்டுக் குடுத்தார்.”

“உன் பேருக்கு எவ்வளவு பங்கு இருக்குன்னு சொன்னாரா?”

“அதான் நூத்திருபது… வருஷா வருஷம் வர்ற கவரெல்லாம் வெறும் நம்பரா இருக்கும், நாங்க யாரும் பார்க்கறதில்லையேக்கா.”

விஷயத்தைச் சொன்னபோது பேக்கிங் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பதிவாளர் அலுவலகம் பங்கை மாற்றுமுன் உரியவருக்கு ஒரு கடிதம் அனுப்பி, பத்து நாள் காத்திருக்கும். கடிதம் அன்று காலைதான் வந்து, மேஜைமேல் கிடந்தது. மறுநாளே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள், மாற்றம் நின்றது. வாங்கிய பன்னிரண்டாயிரத்தைப் பேக்கிங் பெண் வங்கி மூலமாகவே திருப்பி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி சூப்பர்வைசர் வந்தார். டெஸ்டிங் அக்கா கதவைச் சங்கிலி போட்டபடி அரையாகத் திறந்தாள்.

“முன்னூத்துப் பதினேழு சார். தொண்ணூறால பெருக்கினா இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம். பன்னெண்டுக்குக் கேட்டீங்க.”

“உன்னை யாரும் கட்டாயப்படுத்தலையே. சின்ன வயசிலிருந்தே நீ சந்தேகப்பிராணி.”

“ஆமா சார். சம்பளமே அதுக்குத்தான் குடுத்தீங்க.”

கதவைச் சாத்தினாள்.

ஸ்டோர்கீப்பர் விஷயம்தான் சரியாக வரவில்லை. அவர் பங்கு ஒரு மாதத்துக்கு முன்பே மாறிவிட்டிருந்தது. கடிதம் வந்தபோது மகள் வீட்டில் இருந்தாராம். டெஸ்டிங் அக்கா தன் கணக்குத் தாளை அவர் முன்னால் விரித்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டு அவர் அவளையே உற்றுப் பார்த்தார்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“செவ்வாய்க்கிழமைண்ணே.”

“இருபத்துநாலு வருஷமா கவர் வருது, செவ்வாய்க்கிழமைதான் தெரியுமாக்கும். உன்னைப் பார்த்துத்தானே நான் குறி போட்டேன்? நீயும் அவனும் சேர்ந்துதானே?”

அவள் இல்லையென்று சொன்னாள். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே ஒலித்தது. சந்தேகப்படுகிறவனிடம் நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் கூடத்தில் நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இருந்தாலும் அவரை விடவில்லை. அவர் பேசாமல் முன்னால் நடக்க, இவள் நாலடி பின்னால் நடந்து, புகார் கொடுக்கப் போனார்கள். ஏழு மாதம் இழுத்தது. சூப்பர்வைசர் கடைசியில் வழக்குக்குப் பயந்து எண்பது பங்கைத் திருப்பித் தந்தார். மிச்சத்தை ஏற்கெனவே விற்றுவிட்டதாகச் சொன்னார். அது நிஜமா என்று யாருக்கும் தெரியாது.

ஸ்டோர்கீப்பர் அந்த எண்பதுக்குப் புதுப் படிவம் நிரப்பும்போது, ஈவுத்தொகையைப் பணமாகவே வங்கிக்கு அனுப்பச் சொல்லி முதல் கட்டத்தில் குறி போட்டார். பிறகு பேனாவை மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்டிங் அக்காவிடம், “நீ எதுல போட்டே?” என்று கேட்டார். அந்த ஏழெட்டு மாதத்தில் அவர் அவளிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“இப்ப மூணாவதுக்கு மாத்திட்டேன். பாதி பணமா, பாதி பங்கா” என்றாள் அவள்.

அவர் நம்பினாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.