கடுகு அளக்காத நிலை

கதவுக் கடையில் அவரைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம், கோபம் ஆளைவிட உயரம். யாராவது போனில், "மூணடி அகலம், ஏழடி உயரம், ஒரு கதவு அனுப்புங்க" என்றால் போதும், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "கதவ அளந்தீங்களா, நிலைய அளந்தீங்களா?" என்பார். பழைய கதவு பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. எவனோ ஒரு காலத்தில் ஓரத்தை இழைத்திருப்பான், அடியில் அறுத்திருப்பான். கதவு உட்காரப்போவது சுவரில் பதித்த நிலையின் காடியில், அதாவது அதன் ஓரத்தில் வெட்டிய பள்ளத்தில்தான். அங்கே மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அகலம் எடுத்து, எது குறைவோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். உயரம் இரண்டு பக்கமும். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் நிலை கோணல். இதை ஊருக்கெல்லாம் ஓதி ஓதிப் பொல்லாதவர் என்று பெயர் வாங்கியவர், தங்கை வீட்டில் நிலையை அளக்கவே இல்லை.

தங்கையின் புருஷன் அவளைப் பிரிந்து தனியாகப் போய்விட்ட பிறகும் தொல்லையை விடவில்லை. ஒரு நாள் குடித்துவிட்டு வந்தவன், அவள் தாழ் போட்டதும் கதவை உதைத்தே பிளந்துவிட்டான். செய்தி கேட்டு ஓடிய கடுகு கண்டது, மேல்பாதி சிதறி வாசலில் கிடந்த கதவையும், அடுப்படி மூலையில் உட்கார்ந்திருந்த தங்கையையும்தான். ஆத்திரத்தில் நிலைப்பக்கமே திரும்பவில்லை. கிடந்த கதவின் உடையாத கீழ்ப்பாதியில் ஒரே ஒரு தடவை டேப்பை நீட்டினார். கதவு செய்யும் தொழிற்சாலைக்கு அங்கேயே போன் போட்டார். "இரும்புத் தகடு போட்ட கதவு. உதைச்சா கால் முறியணும்" என்றார். அந்தக் கதவு வரும்வரை அவள் பீரோவை நகர்த்தி வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தாள்.

கதவு வந்தது. கீலை மாட்டிச் சாத்தினார். கீழே அழகாக உட்கார்ந்தது. மேலே அரை அங்குலம் நிலைக்கு வெளியே நின்றது. அந்தப் பழைய கதவை எவனோ மேல்பக்கம் இழைத்து ஒல்லியாக்கித்தான் கோணல் நிலைக்குள் அடக்கியிருக்கிறான். அந்த மேல்பாதிதான் சிதறிப்போனது. மரமாக இருந்தால் இழைக்கலாம். தகட்டை என்ன செய்வது?

கடுகு சுத்தியலைத் தரையில் எறிந்தார். "எந்த முட்டாப்பய இந்த நிலைய வச்சான்?" என்று கத்தினார். தொழிற்சாலைக்காரன், வீட்டைக் கட்டியவன், மாப்பிள்ளையைப் பெற்றவர்கள், ஒருத்தரையும் விடவில்லை.

"நீ அளந்தியாண்ணா?" என்றாள் தங்கை.

கடுகு குனிந்து சுத்தியலை எடுத்தார்.

"அவன் இன்னிக்குச் சாயங்காலம் வரேன்னு போன்ல சொல்லியிருக்கான்" என்றாள்.

"வரட்டும். இங்கயே நிக்கிறேன். காலை ஒடிச்சுக் கையில குடுத்துடறேன்."

"அவனுக்குக் கோவம் வந்துச்சு, கதவு போச்சு. உனக்குக் கோவம் வந்துச்சு, அளவு போச்சு." அவள் குரல் ஏறவில்லை, அதுதான் அவருக்கு அடியாக விழுந்தது. "ஆளாளுக்கு எம்மேல பாசமா கோவப்படுறீங்க. எனக்குக் கோவம் வேணாம். கதவு வேணும். நீ வீட்டுக்குப் போனப்புறமும் இங்க நிக்கறது."

கடுகுக்குத் தன் மேலேயே வந்த ஆத்திரத்தைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. டேப்பை எடுத்தார். மறுமுனையை அவளே பிடித்தாள். காடிக்குக் காடி மேலே ஒரு அளவு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. மூன்றும் மூன்று விதம். குறுக்கே மூலைக்கு மூலை பிடித்தபோது ஒன்று நீளம், ஒன்று குட்டை. எந்தக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும் கோணல். பூட்டுப் பக்கத்து நிலைக்கால் மேலே உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பழைய கதவின் கனத்தையும் காடியின் ஆழத்தையும் பார்த்தார். கீல்கள் மேலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொண்டார்.

நிலையைக் கழற்றி நேராக்க அன்றைக்கு நேரமில்லை. கடைக்கு ஓடித் தடித்த ப்ளைவுட் பலகை இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்றோடொன்று ஒட்டித் திருகாணி முடுக்கி, நிலை எப்படிக் கோணலோ அப்படியே மேலே ஒடுக்கி அறுத்தார். சுற்றிலும் நூலளவு இடைவெளி, அடியில் தரை உரசாத அளவு கொஞ்சம் கூடுதல். பழைய கீல், புதுத் தாழ்ப்பாள் இரண்டு. வேலை முடியும்வரை ஒருத்தரையும் திட்டவில்லை.

"சாத்திப் பாரு" என்று வெளியே வந்து நின்றார்.

கதவு சத்தமில்லாமல் போய்க் காடியில் உட்கார்ந்தது. மேல் தாழ் விழுந்தது, கீழ்த் தாழ் விழுந்தது. கடுகு பலகையில் கைவைத்துத் தள்ளினார், அசையவில்லை. தோளால் முட்டினார், அசையவில்லை. அவன் வரும்வரை உள்ளே இருந்துவிடலாம் என்று கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நாந்தாம்மா. தொற."

உள்ளே தாழ்ப்பாள் நகரவில்லை.

"சரியா இருக்குண்ணா" என்றாள் தங்கை. "நீ வீட்டுக்குப் போ. கோவம் ஆறினப்புறம் வா."