ரா தல்லி

கஹவத்தை பஸ்ஸில் எல்லோரிடமும் சிங்களத்தில் மரியாதையாகப் பேசிய கண்டக்டர், தோட்டத்துக்காரி என்று தெரிந்ததும் என்னிடம் மட்டும் தமிழில், "தள்ளி நில்லு!" என்றான். எனக்கு ஏழு வயதில் வந்த கோபம் திரும்ப மூண்டது.

அப்பாவின் அம்மாவை அவ்வா என்போம். அவள் தெலுங்குதான் பேசுவாள். ரப்பர் பால் வெட்டிவிட்டு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்துக் கை நீட்டி, "ரா தல்லி" என்பாள். தள்ளிப் போகச் சொல்கிறாள் என்று விலகிவிடுவேன்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கத்தினேன். "நீங்களே தள்ளிப் போங்க!"

அம்மா ஓடிவந்தாள். "அடியே, 'ரா'ன்னா வா. 'தல்லி'ன்னா தாயி. 'வா தாயி'ன்னு ஆசையா கூப்பிடுறாங்கடி!"

"அத ஏன் யாருமே எனக்குச் சொல்லல?" ரப்பர் பால் நாறும் அவ்வாவின் மடியில் விழுந்து அதற்கும் சண்டை போட்டேன்.

கண்டக்டர் மறுபடியும், "தள்ளி!" என்றான்.

நான் நகரவே இல்லை.