அலமாரியில் தேடிய பிறகு

வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கும் அருள்மொழிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அவரிடம் திட்டு வாங்கிய பிள்ளைகளே சாயங்காலம் அவரிடம் சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். ஒரு புத்தகம் திரும்பி வரவில்லையென்றால், மாணவரைக் கேட்கும் முன் தன் அலமாரிகளில் அவரே ஒருமுறை தேடிவிடுவார். பாதிக்கு மேல் அங்கேதான் கிடைக்கும்.

அன்று அவர் விசாரணைக் குழுவில் இருந்தார். பாகூரிலிருந்து வரும் தேவி தன் ஊர் ஏரியைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு, இயந்திரம் எழுதியது என்று ஒரு மென்பொருள் எண்பது சதவீதம் போட்டிருந்தது. தேவி வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

"எண்பதுன்னா இன்னா சார்? கட்டுரையில எண்பது பங்கா, சந்தேகம் எண்பதா?" என்று கேட்டார் அருள்மொழி.

குழுத் தலைவர் முத்துக்குமரன் மென்பொருளின் அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சொந்தமா எழுதுன நூறு பேர்ல எத்தினி பேர இது தப்பா புடிக்கும்? வேற ஆதாரம் இன்னா இருக்கு? பொண்ணோட குறிப்பு நோட்ட பாத்தீங்களா? ஏஐ கூடாதுன்னு முன்னாடியே சொன்னீங்களா?"

அருள்மொழி அறிக்கையைப் புரட்டினார். இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று கடைசிப் பக்கத்தில் அந்த மென்பொருளே சொல்லியிருந்தது. அதற்கடியில் இன்னொரு தாள்: தேவியை ஒரு பருவம் நீக்கும் உத்தரவு, இன்றைய தேதியோடு, கையெழுத்துக்குத் தயாராக.

அதைத் தலைவர் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பொண்ண இன்னும் உள்ளயே கூப்புடல. இத எந்த மெஷினு சார் எழுதிச்சு?"